சாப்பிடும் முன்பும் பின்பும்: இரண்டு ஜப்பானிய வாசகங்களைத் தமிழில் கொண்டுவருவது எப்படி

ஜப்பானியக் கதையையோ தொடரையோ தமிழாக்க உட்கார்ந்தால், முதல் நாளே இந்த இரண்டு வாசகங்களும் வந்து நிற்கும். சாப்பிடத் தொடங்கும் முன் ‘இத்தடக்கிமாஸ்’. சாப்பிட்டு முடித்ததும் ‘கொச்சிஸோஸமா தெஷ்தா’. குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரும் சொல்வார்கள். வீட்டில் சொல்வார்கள், பள்ளியில் சொல்வார்கள், தெருமுனை நூடுல்ஸ் கடையிலும் சொல்வார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் முன்னதற்குச் ‘சாப்பிடலாம்’ என்றும், பின்னதற்குச் ‘சாப்பாட்டுக்கு நன்றி’ என்றும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ‘சாப்பிடலாம்’ என்பதில் நன்றி துளியும் இல்லை. ‘சாப்பாட்டுக்கு நன்றி’ என்பதில் நன்றி என்ற சொல் இருக்கிறது, ஆனால் நம்மில் யாரும் தன் அம்மாவிடம் அப்படிச் சொல்லி எழுந்ததில்லை.

இந்த நன்றியைத் தமிழில் இழக்காமல் சொல்ல முடியும். அதற்கு ‘நன்றி’ என்ற சொல்லைத் தேடாமல், யாருக்கு நன்றி என்பதைத் தேட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் செய்யத்தான்.

முதல் படி: இரண்டும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்

‘இத்தடக்கிமாஸ்’ என்பது ‘இத்தடக்கு’ என்ற வினையிலிருந்து வருகிறது. அதன் பழைய பொருள், தலைமேல் வைத்துக்கொள்வது. மலையுச்சிக்கும் உச்சந்தலைக்கும் இருக்கும் ‘இத்தடக்கி’ என்ற சொல்லோடு உறவுடையது. பெரியவர் தந்ததை உயர்த்திப் பிடித்து, தலை தாழ்த்தி வாங்குவதிலிருந்து, ‘பணிவோடு பெறுகிறேன்’ என்ற பொருள் வந்தது. அங்கிருந்து, சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் தன்னைத் தாழ்த்திச் சொல்லும் சொல்லாகவும் ஆயிற்று. பிரசாதம் வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போடுகிறோமே, அந்தச் செய்கையை ஒரு வினைச்சொல்லாக மாற்றினால் இதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

நம்மிடமும் ‘சிரமேற்கொண்டு’ என்ற சொல் இருக்கிறது. அகராதியை வைத்துப் பார்த்தால் அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் அது கட்டளைக்கும் பொறுப்புக்கும் உரிய சொல். ‘தங்கள் ஆணையைச் சிரமேற்கொண்டு’ என்பார்கள், சோற்றைச் சிரமேற்கொள்ள மாட்டார்கள். சொல்லின் வேர் பொருந்துகிறது என்பதற்காக எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

‘கொச்சிஸோஸமா’ என்பதன் நடுவில் இருக்கும் ‘சிஸோ’வை எழுதும் இரண்டு எழுத்துகளும் ஓட்டத்தைக் குறிப்பவை. ஒன்று குதிரையை விரட்டிக்கொண்டு ஓடுவது, இன்னொன்று காலால் ஓடுவது. விருந்தாளிக்காக இங்கும் அங்கும் அலைந்து பொருள் சேர்த்துச் சமைத்தவரின் அலைச்சல் அது. அதற்கு முன்னும் பின்னும் மரியாதை ஒட்டுகள் சேர்ந்திருக்கின்றன. ‘தெஷ்தா’ அதை முடிந்துபோன காலத்துக்குக் கொண்டுபோகிறது. ஆக, சாப்பிட்டவர் சொல்வது சாப்பாட்டின் ருசியைப் பற்றி இல்லை, அதைச் செய்து தந்தவர் பட்ட பாட்டைப் பற்றி.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாசகங்களிலும் ‘நான்’ இல்லை, ‘நீங்கள்’ இல்லை, ‘உணவு’ இல்லை, ‘நன்றி’யும் இல்லை. ஜப்பானிய மொழிக்கு அவை தேவையில்லை. தமிழில் அப்படி விட முடியாது. வினைமுற்று போட்டாலே யார் என்று சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் படி: யாரைப் பார்த்துச் சொல்கிறார்?

காட்சியைத் தமிழாக்கும் முன் ஓரத்தில் ஒரு சொல் எழுதி வையுங்கள். சமைத்தவர், காசு கொடுத்தவர், எல்லாரும் சேர்ந்து, தனியாக. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே ஜப்பானிய வாசகத்துக்கு இந்த நான்கு இடத்திலும் நான்கு தமிழ் வரும். வர வேண்டும்.

சமைத்தவரைப் பார்த்துச் சொன்னால், முன்னது ‘சாப்பிடுறேம்மா’ ஆகும். இதில் நன்றி எங்கே என்று கேட்கலாம். அந்த ‘ம்மா’வில் இருக்கிறது. ‘சாப்பிடுறேன்’ என்று மொட்டையாகச் சொன்னால் அது தகவல். ‘சாப்பிடுறேம்மா’, ‘சாப்பிடுறேன் பாட்டி’, ‘சாப்பிடுறேன்க்கா’ என்றால், உன் கைச்சோற்றைத்தான் எடுக்கிறேன் என்று அவருக்குத் தெரியப்படுத்துவது. ஜப்பானிய வாசகத்தில் வினையின் பணிவு செய்கிற வேலையை, தமிழில் உறவுப்பெயர் செய்கிறது. இந்தப் படிகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் சேர்ந்து சொல்லும் இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. வினைமுற்று இரண்டுக்கும் ஒன்றுதான், ‘சாப்பிடுறோம்’. ஆனால் அதோடு விளி சேர்ந்த கணமே பிரிந்துவிடும். ‘சாப்பிடுறோம்மா’ என்றால் பிள்ளைகள் ஒரு பக்கம், அம்மா மறுபக்கம். அம்மாவும் அதே மேசையில் உட்கார்ந்து, கைகூப்பி, அதே சொல்லைச் சொல்கிறாள் என்றால் இது பொருந்தாது. அங்கே ‘சரி, கும்பிட்டுச் சாப்பிடுவோம்’ என்று பெரியவர் ஒருவர் வாயில் வைத்து, மற்றவர்களுக்கு ‘கும்பிட்டுக்கறோம்’ என்று போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சோற்றைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடு என்று பிள்ளைகளிடம் சொல்லும் வீடுகள் நம்மிடம் இருப்பதால் இது காதுக்கு அந்நியமாக இருக்காது. ஜப்பானியர்கள் அந்த நேரத்தில் கைகூப்புவது படத்திலும் தெரியும்.

தனியாகச் சாப்பிடுபவர் சொல்லும் இடம்தான் கடினம். அறையில் ஒருவன் மட்டும். பிளாஸ்டிக் கோப்பை நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி, மூன்று நிமிடம் காத்திருந்து, மூடியைக் கிழித்து, ‘இத்தடக்கிமாஸ்’ என்கிறான். சமைத்தவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. தமிழில் யாருமில்லாத அறையில் ‘சாப்பிடுறேன்’ என்று சொல்பவன் யாரிடமோ தொலைபேசியில் பேசுகிறான் என்றுதான் தோன்றும். இங்கேயும் ‘கும்பிட்டுக்கறேன்’ உதவும். அதற்கு எதிரில் ஆள் வேண்டாம். கதையாக எழுதுகிறீர்கள் என்றால் உரையாடலை விட்டுவிட்டுச் செய்கையை எழுதலாம்: ‘மூடியைக் கிழித்தான். ஒரு கணம் கைகூப்பிவிட்டுக் குச்சிகளைப் பிரித்தான்.’ நன்றி முழுவதுமாக வந்துவிடுகிறது, எதுவும் கூடுதலாகச் சேரவும் இல்லை.

மூன்றாம் படி: ‘நன்றி’யையும் கடவுளையும் எங்கே விடுவது

‘நன்றி’ நல்ல சொல், ஆனால் தமிழில் அது கொஞ்சம் தள்ளி நிற்பவர்களுக்கு இடையில் புழங்குவது. மேடையில், கடிதத்தில், அலுவலகத்தில் இயல்பாக இருக்கும். வீட்டுக்குள் அதைச் சொன்னால் மனஸ்தாபம் வந்ததுபோல ஒலிக்கும். ஒரு மகன் சாப்பிட்டு முடித்து ‘உணவுக்கு நன்றி அம்மா’ என்றால், தமிழ் வாசகருக்கு அவன் கோபமாக இருக்கிறான் என்றோ, நாளை வீட்டை விட்டுப் போகப்போகிறான் என்றோதான் படும். மூலத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

அதே சொல் பொருந்தும் ஓர் இடம் உண்டு. ஜப்பானியப் பள்ளிகளில் மதிய உணவு பெரும்பாலும் வகுப்பறையிலேயே நடக்கும். அன்றைய முறைக்குரிய பிள்ளைகள் தலைக்குத் துணிகட்டி, வெள்ளை மேலங்கி போட்டுப் பரிமாறுவார்கள். எல்லார் தட்டிலும் விழுந்ததும் ஒரு பிள்ளை எழுந்து ‘கைகளைக் கூப்புங்கள்’ என்று சொல்லும். வகுப்பே சேர்ந்து ‘இத்தடக்கிமாஸ்’ என்று கத்தும். தமிழ்ப் பள்ளியிலும் சேர்ந்து சொல்லும் வணக்கத்துக்கும் நன்றிக்கும் ஓர் ஓசை இருக்கிறது. அதனால் இங்கே மட்டும் ‘உணவுக்கு நன்றி!’ என்று ஒரே குரலில் போடலாம். பாடம் ஒப்பிப்பது போன்ற அந்த விறைப்பு இந்த இடத்துக்குச் சரியாக அமைகிறது.

கடவுளைப் பொறுத்தவரை, ‘ஆண்டவனுக்கு நன்றி’ என்று போடாதீர்கள். ஜப்பானில் சில பௌத்தப் பிரிவுகளில் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் தனி வாசகங்கள் உண்டு. அப்படி ஒன்று மூலத்தில் வந்தால் அதை அப்படியே தமிழாக்குங்கள். ஆனால் அன்றாடம் சொல்லும் இந்த ஒற்றைச் சொல்லில் எந்தத் தெய்வத்தின் பெயரும் இல்லை. சமயப் பற்றே இல்லாதவரும் சொல்வார். நாம் கடவுளைக் கொண்டுவந்து வைத்தால், அடுத்த காட்சியில் அதே ஆள் ‘எனக்குச் சாமியெல்லாம் நம்பிக்கை இல்லை’ என்னும்போது முட்டிக்கொள்ளும். ‘கும்பிட்டுக்கறேன்’ என்பதிலும் பக்தியின் நிழல் கொஞ்சம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதைக் கும்பிடுகிறான் என்று அது சொல்வதில்லை. சோறு, சமைத்த கை, விளைத்தவன், எதுவாகவும் இருக்கலாம். அந்தத் திறந்த தன்மை மூலத்திலும் உண்டு.

நான்காம் படி: எழுந்திருக்கும்போது சொல்வது

பின்னதைத் தமிழாக்குவது எனக்குப் பிடித்த வேலை. இதற்கு நம்மிடம் நல்ல கையிருப்பு இருக்கிறது. தமிழில் சாப்பிட்டவர் தன் வயிற்றைச் சொல்லித்தான் சமைத்தவரை வாழ்த்துவார். ‘வயிறு நிறைஞ்சுதும்மா.’ ‘வயிறார சாப்பிட்டேன்.’ மூலத்தில் வயிறு இல்லை, அலைச்சல்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒன்று. அலைச்சலையும் சேர்க்க இடம் இருந்தால் சேருங்கள். ‘ஓடியாடிச் செஞ்சு போட்டீங்க, வயிறு நிறைஞ்சுது.’ அந்த ‘ஓடியாடி’ இயல்பான பேச்சுத் தமிழ், மூலத்தின் இரண்டு ஓட்டங்களும் அதிலேயே வந்துவிடுகின்றன. இப்படி ஒரு பொருத்தம் அடிக்கடி கிடைக்காது. விருந்துக் காட்சிகளில், சாப்பிட்டவர் நிதானமாகப் பேசும் இடத்தில், இதைப் பயன்படுத்துங்கள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடும் பிள்ளையின் வாயில் வைக்காதீர்கள். அவனுக்குப் ‘போதும்மா, நல்லா இருந்துச்சு’ போதும்.

சமைத்தவர் இதற்குச் சொல்லும் பதிலும் ஒன்று உண்டு, ‘ஒஸோமட்ஸுஸமா’. சாதாரணமான, பெருமைப்பட ஒன்றுமில்லாத சாப்பாடு என்று தன் சமையலைத் தாழ்த்திச் சொல்வது. இதை ‘மோசமான சாப்பாடு’ என்று போட்டவர்கள் இருக்கிறார்கள். வாசகருக்கு அந்த அம்மா சண்டைக்கு வருவதுபோல இருக்கும். நம் வீடுகளில் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது: ‘ஏதோ என்னால முடிஞ்சது.’ அல்லது ‘என்ன பெருசா செஞ்சுட்டேன்.’ இரண்டில் எது அந்தப் பெண்ணுக்குப் பொருந்தும் என்று பாருங்கள். முன்னது அடக்கம், பின்னதில் கொஞ்சம் செல்லம்.

கடையில் நிலைமை வேறு. ராமென் கடையில் சமைப்பவர் நீளமேசைக்கு அந்தப்பக்கம் நிற்பார். வாடிக்கையாளர் கிண்ணத்தை வைத்துவிட்டு எழும்போது ‘கொச்சிஸோஸமா!’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வெளியேறுவார். இதில் நன்றியும் இருக்கிறது, விடைபெறுவதும் இருக்கிறது. தமிழில் ‘வர்றேண்ணே, அருமையா இருந்துச்சு’ என்றால் இரண்டும் வந்துவிடும். ‘சாப்பாட்டுக்கு நன்றி’ என்று அங்கே சொன்னால், காசு வாங்காமல் போட்டார்களோ என்று தோன்றும்.

காசு கொடுத்தவருக்குச் சொல்வதுதான் அதிகம் தவறாகும் இடம். மேலதிகாரி தன்கீழ் வேலைசெய்பவர்களை மதுக்கடைக்குக் கூட்டிப்போகிறார். அவர் பணம் கட்டும்போது மற்றவர்கள் வாசலில் நிற்கிறார்கள். வெளியே வந்ததும் எல்லாரும் தலைவணங்கி ‘கொச்சிஸோஸமா தெஸ்’ என்கிறார்கள். இது சமையலைப் பற்றியதே இல்லை, செலவைப் பற்றியது. இங்கே ‘வயிறு நிறைஞ்சுது’ என்று போட்டால் குறி தவறிவிடும். ‘உங்களுக்குத்தான் செலவு வெச்சுட்டோம் சார்’ என்பதுதான் தமிழ். நன்றியும், உங்களுக்குச் சிரமம் தந்துவிட்டோமே என்ற கூச்சமும் ஒன்றாக வருகின்றன. மறுநாள் காலை அலுவலகத்தில் அவரைப் பார்த்ததும் ‘நேற்றுக்கு’ என்று சேர்த்து இன்னொரு முறை சொல்வது அங்கே வழக்கம். அதற்கு ‘நேத்து விருந்துக்கு ரொம்ப நன்றி சார்’ தாராளமாகப் போடலாம். அலுவலகம், மேலதிகாரி, ஒரு இரவு கடந்த இடைவெளி எல்லாம் சேர்ந்து, ‘நன்றி’ அங்கே இயல்பாகிவிடுகிறது. அந்த இரண்டாவது முறையை, ஏற்கெனவே சொல்லியாயிற்றே என்று வெட்டிவிடாதீர்கள். வெட்டினால், நன்றி மறந்த ஆளாக அந்தப் பாத்திரம் மாறிவிடும்.

ஒரு காட்சியை முழுதாகச் செய்து பார்ப்போம்

இரவுச் சாப்பாடு. அம்மா, கல்லூரியில் படிக்கும் மகன், பாட்டி. மகனின் நண்பன் முதன்முறையாக வீட்டுக்கு வந்திருக்கிறான். மேசையில் சோறு, மிசோ சூப், நடுவில் நிக்குஜாகா. அது இறைச்சியும் உருளைக்கிழங்கும் சோயா சாஸில் இனிப்பாக வேகவைத்த வீட்டுக் குழம்பு. அம்மா ‘தோஸோ, மெஷிஅகத்தே’ என்கிறாள். நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகூப்பி, முழுதாக ‘இத்தடக்கிமாஸ்’ என்கிறான். மகன் குச்சியை எடுத்துக்கொண்டே பாதியை விழுங்கிச் சொல்கிறான். பாட்டி கண்ணை மூடி, மற்றவர்கள் தொடங்கிய பிறகும் கைகூப்பியபடி இருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொல்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் நண்பன் ‘கொச்சிஸோஸமா தெஷ்தா’ என்று சொல்லி, ரொம்ப ருசியாக இருந்தது என்கிறான். அம்மா ‘ஒஸோமட்ஸுஸமா’ என்கிறாள். மகன் ‘கொச்சிஸோசான்’ என்று சுருக்கமாகச் சொல்லி, தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எழுகிறான்.

ஒரே சொல்லை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூவருக்கும் ‘சாப்பிடுகிறேன்’ என்று போட்டால் காட்சி செத்துவிடும். என் தமிழ் இப்படி:

அம்மா: சாப்பிடுப்பா, கூச்சப்படாம.
நண்பன்: சரிங்கம்மா, சாப்பிடுறேன்.
மகன்: ம்... சாப்புடுறேன்.
பாட்டி: கும்பிட்டுக்கறேன்.

நண்பன்: எவ்வளவு செஞ்சிருக்கீங்க! வயிறு நிறைஞ்சுதும்மா. ரொம்ப ருசியா இருந்துச்சு.
அம்மா: ஏதோ என்னால முடிஞ்சதுப்பா.
மகன்: நல்லா இருந்துச்சும்மா.

அம்மாவின் முதல் வரியில் ‘மெஷிஅகத்தே’ என்பது மரியாதைச் சொல். அதை வைத்துச் ‘சாப்பிடுங்க’ என்றுதான் போடத் தோன்றும். ஆனால் மகன் வயதுப் பையனைத் தமிழ் அம்மா ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டால் வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திவைத்ததுபோல் ஆகும். அந்த மரியாதையைக் ‘கூச்சப்படாம’ என்ற உபசரிப்பில் வைத்தேன். நண்பனின் ‘சரிங்கம்மா’ முதல்முறை வருபவனின் நிமிர்ந்த உட்காரலுக்கு. அவன் நண்பனின் தாயை ‘அம்மா’ என்றே கூப்பிடுவான், நம் ஊரில் அதுதான் வழக்கம். மகனின் முதல் வரியில் வேண்டுமென்றே ‘ம்மா’ இல்லை. அவன் அதைச் சோற்றைப் பார்த்துச் சொல்கிறான். கடைசி வரியில்தான் ‘ம்மா’ வருகிறது. தட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவன், போகிறபோக்கில் அம்மாவைக் கவனித்துச் சொல்கிறான் என்பது அதனால் தெரியும். பாட்டிக்கு யாரையும் விளிக்கத் தேவையில்லை.

வசன அளவும் வாயசைவும்

திரையில் எழுத்தாக வருகிறது என்றால், ‘இத்தடக்கிமாஸ்’ சொல்லி முடிக்க ஒரு நொடிதான் ஆகும். ‘தாங்கள் அன்போடு அளித்த உணவைப் பணிவோடு ஏற்றுக்கொள்கிறேன்’ என்று போட்டால் பொருள் சரி, ஆனால் பார்ப்பவர் பாதி படிக்கும்போது பாத்திரம் இரண்டாவது வாய் சோறு போட்டிருக்கும். ஒன்று அல்லது இரண்டு சொல்தான் தாங்கும். படத்தில் கைகூப்புவது தெரிகிறது என்றால் எழுத்தில் ‘கும்பிட்டு’ கூடத் தேவையில்லை. செய்கை பேசட்டும், எழுத்தில் உறவுப்பெயரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

குரல் கொடுப்பதற்கு எழுதினால், உதடு மூடும் இடத்தைப் பாருங்கள். ஜப்பானியச் சொல்லில் கடைசிக்கு முந்தைய அசையான ‘மா’வில்தான் உதடு ஒட்டும். கடைசி ‘ஸு’வில் உயிரொலி கிட்டத்தட்டக் கேட்காது. ‘சாப்பிடுறேம்மா’வின் ‘ம்மா’ அந்த இடத்துக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ‘ப்பி’யில் இன்னொரு முறை உதடு ஒட்டும், அதை முகம் நெருக்கமாகத் தெரியும் காட்சியில் மட்டும் கவனித்தால் போதும். பின்னதிலும் ‘ஸமா’வின் ‘மா’ நடுவுக்குப் பின்னால் வருவதால், ‘வயிறு நிறைஞ்சுதும்மா’வை வேகத்தைக் கொஞ்சம் சரிசெய்து உட்காரவைக்கலாம்.

சொல்லையே விளக்கும் காட்சி வந்தால்

குழந்தைகளுக்கான கதைகளில் இது அடிக்கடி வரும். கோழியை வளர்த்த பிள்ளை, அதே கோழி தட்டில் வந்ததும் அழுகிறது. பெரியவர் ஒருவர், நாம் ‘இத்தடக்கிமாஸ்’ என்று சொல்வது இந்த உயிரைப் பெறுகிறோம் என்பதால்தான் என்று விளக்குகிறார். இப்படி விளக்கும் வழக்கம் ஜப்பானில் பரவலாக இருக்கிறது. மூலத்தில் ‘உயிரைப் பெறுவது’, ‘சாப்பிடத் தொடங்கும்போது சொல்வது’ இரண்டுக்கும் ஒரே வினை.

தமிழில் நேராகப் போனால் ‘அதோட உயிரை வாங்கிக்கறோம்’ என்று வரும். ‘உயிரை வாங்காதே’ என்று நாம் எதற்குச் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ‘உயிரை எடுக்கிறோம்’ அதைவிட மோசம். காட்சியின் கண்ணீர் முழுவதும் அந்த ஒரு வினையில் வீணாகிவிடும்.

இதற்கு வழி, அந்தக் காட்சிக்கு வெகு முன்னாலேயே தொடங்குகிறது. நூல் முழுவதையும் முதலில் படித்துவிட்டு, இப்படி ஒரு விளக்கம் பின்னால் வருகிறது என்று தெரிந்தால், முதல் பக்கத்திலிருந்தே அந்த வீட்டாருக்குக் ‘கும்பிட்டுக்கறேன்’ என்று ஒரே வாசகத்தை வைத்துவிடுங்கள். அப்போது பிள்ளை ‘எதுக்குக் கும்பிடணும்?’ என்று கேட்கலாம். பெரியவர் ‘அது தன் உயிரையே நமக்குத் தருது. சும்மா எடுத்துச் சாப்பிட முடியுமா? அதான் கும்பிட்டு ஏத்துக்கறோம்’ என்று சொல்லலாம். மூலத்தின் முடிச்சு தமிழில் வேறு இழையில் விழுகிறது, ஆனால் விழுகிறது. இந்தக் கதைகளில் மட்டும் பாத்திரத்துக்கு ஒரு வாசகம் என்ற விதியை விட்டுவிட்டு, ஒரே வாசகத்தை எல்லாருக்கும் கொடுப்பது நல்லது.

‘கொச்சிஸோ’ என்றால் ஓட்டம் என்று யாராவது விளக்கும் காட்சிக்கும் இதே முறைதான். அங்கே முன்கூட்டியே ‘ஓடியாடிச் செஞ்சீங்க’ என்று விதைத்து வையுங்கள்.

நன்றியே இல்லாத இடங்களும் உண்டு. விளையாட்டில் எதிராளி கைவிட்டதைப் பறிக்கும்போது ‘இத்தடக்கி!’ என்று கத்துவார்கள். அது ‘எனக்குத்தான்!’ அவ்வளவுதான். காதலர்கள் கொஞ்சிக்கொள்வதைப் பார்த்து நண்பன் ‘கொச்சிஸோஸமா’ என்றால் அது கிண்டல். ‘போதும்பா, கண்ணு நிறைஞ்சுடுச்சு’ என்று போடலாம்.

ஜப்பானியச் சொல்லையே வைப்பது எப்போது

பெரும்பாலும் வேண்டாம் என்பேன். ஆனால் மூலத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் அந்தச் சொல்லைக் கற்றுக்கொள்கிறார், தப்பாக உச்சரிக்கிறார், வீட்டார் திருத்துகிறார்கள் என்று வந்தால் ஒலி தேவை. அப்போது எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து கடைசிவரை மாற்றாமல் இருங்கள். தமிழில் நடுவில் வரும் ஒற்றைத் ‘த’வும் ‘க’வும் மென்மையாகிவிடுவதால், ‘இதடகிமஸ்’ என்று எழுதினால் வாசகர் வேறு எதையோ சொல்வார். வல்லொலி வரும் இடங்களில் இரட்டித்து ‘இத்தடக்கிமாஸ்’ என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், ஆனால் வாயில் கிட்டத்தட்டச் சரியாக வரும். முதல்முறை வரும்போது பக்கத்தில் விளக்கம் வைக்காமல், அடுத்த வரியில் யாராவது அதற்குப் பதில் செய்கிறமாதிரி அமைத்தால் பொருள் தானே புரியும்.

கடைசியாக ஒரு சோதனை. நீங்கள் தமிழாக்கிய சாப்பாட்டுக் காட்சிகளை மட்டும் தனியாக எடுத்து, ஜப்பானிய மொழி தெரியாத ஒருவரிடம் படம் காட்டாமல் வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இவர் யாருக்கு நன்றி சொல்கிறார்? அம்மாவுக்கு, கடைக்காரருக்கு, பணம் கட்டியவருக்கு என்று அவர் சரியாகச் சொன்ன வரிகளை அப்படியே விடுங்கள். ‘நன்றியா, எங்கே சொன்னார்?’ என்று கேட்ட வரிகளுக்குத் திரும்பப் போய், முதலில் உறவுப்பெயரைச் சேர்த்துப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் மட்டும் வினையை மாற்றுங்கள்.